லீவு இருக்குதுன்னு சொன்னார்

பண்ருட்டியில் ரயிலை விட்டிறங்கி வடலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிய நேரத்திலிருந்து ராஜாம்பாளுக்குப் பேச்சு ஓயவில்லை. ஒன்றரை வருஷம் தாம்பரத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். "அதிகம் பேசாதே, மூச்சு வாங்கும்" என்று அங்கே நர்சம்மா சொல்லிச் சொல்லி அடக்கிவைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தது. வாசலில் வைத்த முருங்கை காய்க்கிறதா, மகள் சந்திராவுக்குப் பல் விழுந்துவிட்டதா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலையாளத்து அம்மா இன்னும் இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் புருஷன் குஞ்சிதபாதம் எல்லாவற்றுக்கும் "ம்" என்றான்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் பஸ் நுழைந்தது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேப்பங்கன்றுகள். அவர்களுடைய பிளாக் வந்ததும் ராஜாம்பாள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரு. இன்னும் போவணும்" என்றான் குஞ்சிதபாதம்.

"இதானேங்க நம்ம ஸ்டாப்பிங்கு?"

"உக்காரு சொல்றேன்."

பஸ் டவுன்ஷிப்பைத் தாண்டி மந்தாரக்குப்பத்துக்கு வந்து நின்றது. யாரோ தெரிந்தவர்கள் வீட்டுக்கு முதலில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள். ஒரு கீற்றுக் கொட்டகை முன்னால் நின்று, அவன் மடியிலிருந்து சாவி எடுத்துப் பூட்டைத் திறந்தான். உள்ளே அவர்களுடைய தகர டிரங்குப் பெட்டி, அவளுடைய அரிசிப் பானை, சுவரில் அவள் வாங்கிய சாமி படம்.

ராஜாம்பாள் படலைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வூடு?"

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. லிஸ்ட்டுல நம்ம பேரும் இருக்குது. வரும்."

"ஏன் குடுத்தாங்க? நீங்க வேலையிலதான இருக்கீங்க?"

"இருக்கேன். நீ முதல்ல படு. டாக்டரு என்னா சொன்னாரு?"

அவள் படுத்தாள். அழுகை வரவில்லை. கூரையில் கீற்றுக்கு இடையே வானம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வார்டின் வெள்ளைச் சுவரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தன் வீடுதானா என்று சாயங்காலம்வரை பிடிபடவில்லை.

சாயங்காலம் அம்சவல்லி வந்தாள். ராஜாம்பாளின் தம்பி வேணுவின் பெண்டாட்டி. ராஜாம்பாள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து சந்திராவை வளர்த்தவள் அவள்தான். குழந்தை அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ராஜாம்பாள் அதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள். வார்டில் எல்லா அம்மாக்களும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அடுத்து அம்சவல்லி சொன்னதற்கு அவள் ஆயத்தமாக இல்லை.

"புள்ளைக்கு என்னா கொறை அண்ணி? இப்ப எங்க குவார்ட்டர்ஸ் பெருசு. ரெண்டு ரூமு, பின்னால தோட்டம். சார்ஜ்மேன் ஆனதுக்கப்புறம் குடுத்தாங்க."

"யாரு சார்ஜ்மேன்?"

"உங்க தம்பிதான்."

"வேணுவா? அப்ப இவரு?"

அம்சவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அண்ணன் சொல்லலையா? நான் ஒரு பைத்தியம், வாய வெச்சிகினு..." என்று குழந்தையின் தலையைத் தடவினாள். "அண்ணன் ஆபரேட்டராத்தான் இருக்காரு. உங்க தம்பி ஷிப்டுலதான். அவருக்குக் கீழ."



வேணுவை நெய்வேலிக்குக் கூட்டிவந்ததே குஞ்சிதபாதம்தான். கம்மாபுரம் பக்கத்தில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவனைத் தன்னோடு தங்கவைத்து, சோறு போட்டு, சுரங்கத்தில் ஹெல்பராகச் சேர்த்துவிட்டான். கன்வேயர் பெல்ட்டில் பழுப்பு நிலக்கரி போகும்போது எந்தச் சத்தம் வந்தால் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். இருவரும் ஒரே தேர்வில் தேறி ஆபரேட்டரானார்கள். குஞ்சிதபாதம் பெயர் மேலே, வேணு பெயர் கீழே. அன்றைக்கு ராஜாம்பாள் கேசரி கிண்டி இரண்டு பேருக்கும் ஊட்டிவிட்டாள். அதற்கடுத்த மாதங்களில்தான் அவள் இருமியபோது சிவப்பாக வந்தது.

அன்றிரவுச் சோற்றுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

"வேணு உங்களுக்கு மேலயா?"

குஞ்சிதபாதம் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தான்.

"அம்சவல்லி சொல்லிடுச்சா? சரி. ஒரு நாளு தெரியவேண்டியதுதான்."

"என்னா தப்பு பண்ணீங்க?"

"தப்பு ஒண்ணும் பண்ணல. லீவு போட்டேன்."

"லீவு இருக்குதுன்னு சொன்னீங்களே! ஆஸ்பத்திரியில வெச்சி நான் கேட்டேன், வேலைக்கு ஒண்ணும் ஆவாதான்னு. கம்பெனியில லீவு இருக்குது, நீ கவலைப்படாதன்னு சொன்னீங்க."

"இருந்துச்சு. பொய் சொல்லல. சம்பளத்தோட இருந்தது கொஞ்சம். அது தீந்துபோச்சு. அப்புறம் அரைச் சம்பள லீவு, அதுவும் தீந்துச்சு. அதுக்கப்புறம் சம்பளம் இல்லாத லீவு. பத்து மாசத்துல முக்காவாசி அதுதான்."

அந்தப் பத்து மாதம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நுரையீரலில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் குஞ்சிதபாதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஊருக்குப் போனா நான் செத்துடுவேன்" என்று கதறியது அவள்தான். அவன் போகவில்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தான். தினமும் பார்க்கவிடும் நேரத்துக்கு வந்து வராந்தாவில் நின்றான். ஆபத்து தாண்டிவிட்டது, இனி உடம்பு தேறினால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலைக்குத் திரும்பினான்.

"சம்பளம் இல்லன்னா சம்பளம்தான போவணும்? பதவி எதுக்குப் போவணும்? வூடு எதுக்குப் போவணும்?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டு மெல்லச் சொன்னான். ஆபரேட்டர் ஆனவன் ஒரு வருஷம் புரொபேஷனில் இருக்கவேண்டும். வேலையைச் சரியாகச் செய்கிறானா என்று பார்க்கிற காலம் அது. லீவில் இருப்பவனை எப்படிப் பார்ப்பது? ஆகவே அவன் போட்ட லீவு அவ்வளவும் புரொபேஷனோடு கூட்டி நீட்டிவிட்டார்கள். அவனோடு தேறியவர்கள் எல்லாரும் வருஷம் முடிந்ததும் கன்பர்ம் ஆனார்கள். அவன் திரும்பி வந்து மிச்சத்தை முடித்துக் கன்பர்ம் ஆகும்போது அவனுக்குப் பின்னால் தேறிய அடுத்த கூட்டத்து ஆட்கள்கூட கன்பர்ம் ஆகிவிட்டார்கள். கன்பர்ம் ஆன தேதியை வைத்துத்தான் சீனியாரிட்டி. புதிய பெல்ட் வந்தபோது சார்ஜ்மேன் வேலைக்கு சீனியாரிட்டிப்படி எடுத்தார்கள். வேணுவுக்குக் கிடைத்தது.

"வருஷா வருஷம் சம்பளம் ஏறுதே, அந்த இன்கிரிமென்ட்டும் லீவு போட்ட அளவுக்குத் தள்ளிப்போச்சு. சம்பளம் இல்லாத மாசத்துல பிராவிடண்ட் பண்டுக்கு நானும் கட்டல, கம்பெனியும் கட்டல. போனஸு வாங்கின சம்பளத்துக்குத் தக்கனதான. வேலைக்கு வந்த நாளு கொறைஞ்சதால அடுத்த வருஷத்துக்குச் சேரவேண்டிய லீவும் சேரல. குவார்ட்டர்ஸு, லீவுல போனவன் இத்தினி மாசம்தான் வெச்சிருக்கலாம்னு கணக்கு. அது முடிஞ்சதும் காலி பண்ணச் சொன்னாங்க. வேணுதான் சாமானைத் தூக்கியாந்து போட்டான். வேலை மட்டும் அறுந்துபோவல. கேட்டுட்டுப் போன லீவு, அதனால பழைய சர்வீஸு அப்படியே இருக்குது. அது போதும்."

"இதெல்லாம் ஆவும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"கையெழுத்து வாங்கறப்பவே ஒண்ணுவிடாம சொன்னாங்க."

ராஜாம்பாள் அவனையே பார்த்தாள். நன்றியாக இருக்கவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் பொங்கியது.

"என்னைக் கேட்டீங்களா? நான் ஒரு பயத்துல கத்தினேன். இதுதான் வெலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போங்கன்னு அனுப்பியிருப்பேனே!"

"அதனாலதான் சொல்லல" என்றான் அவன்.



வார ஓய்வு நாளில் வேணு வந்தான். அக்காவின் காலில் விழப் போனவனை அவள் தடுத்தாள். வாசலிலேயே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "ஷிப்டுல மாமாவுக்கு நான் வேலை சொல்றப்ப என் நாக்கு ஒட்டிக்குது அக்கா. மாமாவே வந்து, 'சார்ஜ்மேன், எந்த பெல்ட்டுக்குப் போவட்டும்'னு எல்லார் எதுருலயும் கேக்குறாரு. நான் இந்த வேலைய எழுதிக் குடுத்துடறேன். பழையபடி ஆபரேட்டராவே இருக்கேன்."

"குடுத்துட்டா மாமாவுக்கு வருமாடா?" என்று ஆவலோடு கேட்டாள் ராஜாம்பாள்.

உள்ளேயிருந்து குஞ்சிதபாதம் சிரித்தான். "எப்படி வரும்? எனக்கு முன்னால ஒரு வரிசையே நிக்குது. இவன் வேணாம்னா அடுத்தவனுக்குப் போவும். இவனுக்கும் இல்லாம எனக்கும் இல்லாம. போடா, பேசாம வேலையப் பாரு."

வேணு கிளம்பும்போது அக்காவைத் தனியாக வேலிப்பக்கம் அழைத்தான்.

"சீனியாரிட்டிய ஒண்ணும் பண்ணமுடியாது அக்கா. ஆனா இன்கிரிமென்ட்டுக்கு ஒரு வழி இருக்குதாம். சீக்கு மாதிரி, ஆளோட கை மீறின காரணத்துக்காகப் போட்ட சம்பளமில்லா லீவுன்னா, மேல இருக்கற அதிகாரி மனசு வெச்சா அந்தக் காலத்தையும் இன்கிரிமென்ட்டுக்குச் சேத்துக்கலாமாம். சொந்த சீக்குன்னா சுளுவு. பெண்டாட்டி சீக்குங்கறதால தனியா உத்தரவு வாங்கணும். நான் எத்தினியோ தரம் சொல்லிட்டேன், மாமா மனு போடமாட்டேங்கறாரு. கேட்டா 'வுடு'ங்கறாரு."

"ஏன்?"

"தெரியல. ரோஷம்தான்."

ரோஷம்தான் என்று ராஜாம்பாளும் நினைத்தாள். அவளுக்கு அந்த ரோஷத்தை நன்றாகத் தெரியும். கேட்டு வாங்கமாட்டான், கொடுத்தால்கூட ஒருமுறை வேண்டாம் என்பான். அவனுக்காகத் தானே போய்க் கேட்டுவிடுவது என்று அவள் முடிவுசெய்தாள். தன்னால் போனதில் ஒரு துண்டையாவது தன் கையால் மீட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோது, ஊருக்கு வந்தபிறகு முதன்முறையாக அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

குஞ்சிதபாதம் காலை ஷிப்டுக்குப் போன பிறகு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பர்சனல் ஆபீசுக்குப் போனாள். சூப்பரின்டெண்டு சக்கரபாணி ஐம்பதை நெருங்கியவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு பெண்பிள்ளை வந்து நிற்பதைப் பார்த்ததும் எதிரே நாற்காலியைக் காட்டினார். அவள் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆபரேஷனா? அடப்பாவமே" என்றார். "உங்க தம்பி சொன்னது சரிதாம்மா. புரொபேஷன் நீண்டது நீண்டதுதான். அதை மாத்தினா, இடையில கன்பர்ம் ஆனவங்க எல்லாரும் கேஸ் போடுவாங்க. ஆனா இன்கிரிமென்ட் வேற விஷயம். அதனால யாருக்கும் நஷ்டம் இல்ல. கையை மீறின காரணம்னு அதிகாரிக்குத் திருப்தியா இருந்தா சேத்துக்கலாம். இது அப்படிப்பட்ட கேஸ்தான். உங்க வீட்டுக்காரர் ஏன் இத்தனை நாள் எழுதிக் கொடுக்கல?"

"அவரு கேக்கமாட்டாருங்க. கூச்சம்."

"சரி, நான் ஒரு குறிப்பு எழுதிவெக்கிறேன். அவரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க." பேனாவை எடுத்தார். பக்கத்து மேசைகளில் இரண்டு குமாஸ்தாக்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள். "அத்தனை மாசம் சம்பளம் இல்லாம எப்படிம்மா சமாளிச்சீங்க? கடனா? அதையும் எழுதினா நல்லது. கஷ்டம் தெரியணும்."

அவருடைய குரலில் இருந்த இரக்கம் ராஜாம்பாளைக் கரைத்துவிட்டது. யாரும் கேட்காத கேள்வி. புருஷன் பட்ட பாட்டை ஒரு பெரிய மனிதர் எழுதிக்கொள்ளப் போகிறார். அவள் உடம்பெல்லாம் சிலிர்க்கச் சொன்னாள்.

"கடன் வாங்கல சார். தாம்பரத்துலயே ஒரு லாரி ஷெட்டுல வேலை பாத்தாரு. லாரி கழுவறது, கிரீஸ் போடறது, எல்லாம். பார்க்க வர்றப்ப கையெல்லாம் கறுப்பா இருக்கும். ராவுக்கு அங்கயே படுத்துக்குவாரு. பொழுது போவலைன்னு போறேம்பாரு. இப்பத்தான எனக்குப் புரியுது, சாப்பாட்டுக்கே அந்தக் கூலிதான்னு."

சக்கரபாணியின் பேனா நின்றது.

பக்கத்து மேசைக் குமாஸ்தாக்களில் ஒருவர் தலையை நிமிர்த்தினார். சூப்பரின்டெண்டு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கூலி வாங்கினாரா?"

"ஆமாங்க" என்றாள் ராஜாம்பாள். சொன்னது எங்கேயோ இடறிவிட்டது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

"அம்மா... லீவுல இருக்கிறவரும் இங்கே வேலையிலதான் இருக்கார்னு கணக்கு. சம்பளம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அனுமதி வாங்காம வேற எங்கேயும் கூலிக்குப் போகக்கூடாது. போனா அது குற்றம்."

"சம்பளம் குடுக்காதப்பவுமா?"

"குடுக்காதப்பவும்."

"நான் சொன்னத வுட்டுடுங்க சார். நான் சொல்லவே இல்ல."

அவர் குமாஸ்தாக்கள் இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னார். "இந்த ரூம்ல நான் மட்டும் இல்லம்மா. கேட்டதைக் கேக்கலைன்னு வெச்சுக்கிட்டா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க. அவர்கிட்டச் சொல்லுங்க."

அவள் எப்படி வெளியே வந்தாள், எந்த வழியாக நடந்தாள் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. மஞ்சள் பையை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கொட்டகை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தவளைத்தான் ஷிப்டு முடித்து வந்த குஞ்சிதபாதம் பார்த்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்துவான், ஒரு அறை விட்டாலும் தேவலை என்று காத்திருந்தாள். அவன் தொப்பென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அதுக்குத்தான் நான் மனு போடல" என்றான்.

அப்போதுதான் ராஜாம்பாளுக்குப் புரிந்தது. ரோஷமில்லை. கூச்சமில்லை. சம்பளம் இல்லாமல் எப்படிச் சமாளித்தாய் என்ற அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவன் வாயை மூடிக்கொண்டு, தனக்குச் சேரவேண்டிய இன்கிரிமென்ட்டையும் விட்டுக்கொடுத்திருக்கிறான். அதை அவள் ஒரே மூச்சில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"என்னா ஆவும்?"

"வார்னிங்கோட போவலாம். இன்கிரிமென்ட்ட நிறுத்தலாம். டிஸ்மிஸ்கூடப் பண்ணலாம்."

"வேலையேவா?"

"வேலையே."

மெமோ வந்தது. லீவில் இருந்தபோது அனுமதியில்லாமல் வேறிடத்தில் கூலி வேலை செய்ததாகத் தெரிகிறது, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதச் சொல்லி வேணு மன்றாடினான். "தாம்பரத்துல போயி யாரு விசாரிக்கப் போறாங்க மாமா? அக்கா ஒடம்பு சரியில்லாம ஏதோ ஒளறிடுச்சுன்னு எழுதலாம்." குஞ்சிதபாதம் கேட்கவில்லை. "பொம்பள போயி உள்ளதச் சொல்லிட்டு வந்திருக்கா. அவளைப் பைத்தியக்காரின்னு நான் எழுதறதா?" உண்மைதான், செய்தேன், மனைவியின் சிகிச்சைக்காக என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

தீர்ப்புச் சொல்லுமுன் நேரில் கேட்கவேண்டும் என்று அதிகாரி கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்ன அந்த அம்மாவும் வரலாம் என்று சக்கரபாணி சொல்லியனுப்பினார். வரவேண்டாம் என்று குஞ்சிதபாதம் சொல்லியும் வேணு வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். ஷிப்டுக்குப் போகிற யூனிபாரத்திலேயே இருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

அதிகாரி என்ஜினீயர். வயது குறைவு. பேச்சு சுருக்கம். குஞ்சிதபாதத்தைப் பார்த்து, "விதி உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சே செஞ்சியா?"

"ஆமாம் சார்."

அவ்வளவுதான் அவன் பேசினான். அதிகாரி ராஜாம்பாள் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

வரும் வழியெல்லாம் காலில் விழுந்துவிடுவது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அந்த அறையில் புருஷன் நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்த்ததும் அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். சம்பளம் இல்லாத லீவுன்னு குடுத்தீங்க. சீனியாரிட்டிய எடுத்துகினீங்க, வூட்ட எடுத்துகினீங்க, அதெல்லாம் சட்டம்னு சொன்னாரு, சரின்னேன். லீவு முடியறவரைக்கும் சாப்புடாம இருக்கணும்னும் சட்டம் இருக்குதா? அது மட்டும் எனக்குத் தெரியல."

குஞ்சிதபாதம் திகைத்துப்போய் அவளைத் திரும்பிப் பார்த்தான். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வெளி ஆணிடம் அவ்வளவு பெரிய குரலில் பேசி அவன் கேட்டதில்லை. இருமல் வந்தது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அதிகாரி தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பழக்கம், பிறர் டம்ளரைத் தொடமாட்டாள்.

"அனுமதி கேட்டிருந்தா கொடுத்திருப்போம்" என்றார் அவர், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"கேக்கணும்னு தோணலை சார்" என்றான் குஞ்சிதபாதம். "அன்னிக்கு வேற நெனப்பே இல்ல."

முடிவு தெரிய நாளானது. அந்த நாட்களில் ராஜாம்பாள் ஒவ்வொரு சங்குச் சத்தத்துக்கும் திடுக்கிட்டாள். ஷிப்டு முடிந்து அவன் தலை தெருமுனையில் தெரிகிறவரை வாசலை விட்டு அசையமாட்டாள். சந்திரா மெல்ல மெல்ல அவளிடம் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. அம்மா ஏன் இப்படி ரோட்டையே பார்க்கிறாள் என்று கேட்கும்.

உத்தரவு வந்தபோது அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. விதியை மீறியதற்குக் கண்டனம், அது அவன் சர்வீஸ் பதிவில் ஏறும். வேலைக்கு ஆபத்தில்லை. இரண்டாவது, குஞ்சிதபாதம் மனு போடாவிட்டாலும் சக்கரபாணி விடாமல் அனுப்பிவைத்த குறிப்பின்மேல் எழுதியது: மனைவியின் கடும் நோய் ஊழியரின் கையை மீறிய காரணம் என்பதால் சம்பளமில்லாத அந்த லீவுக் காலம் இன்கிரிமென்ட்டுக்குச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது, சீனியாரிட்டிக்கு அல்ல. ஒரே கை ஒரு பக்கம் அடித்துவிட்டு மறுபக்கம் தடவியிருந்தது. வேணு படித்துச் சொல்லி முடித்ததும் ராஜாம்பாள் "இன்னொரு தரம் படிடா" என்றாள். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு, அடுப்படியில் போய்க் குந்திக்கொண்டு, ஊருக்கு வந்தபிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகும் வேணுதான் சார்ஜ்மேன். குஞ்சிதபாதம் அவன் ஷிப்டில் ஆபரேட்டர். குவார்ட்டர்ஸ் லிஸ்ட்டில் அவர்களுடைய பெயர் ஆமைபோல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கண்டனம் ஏறிய ஆளுக்கு அடுத்த பதவி உயர்வில் அதையும் பார்ப்பார்கள் என்று வேணு ஒருநாள் சொன்னான். குஞ்சிதபாதம் "பாக்கட்டும்" என்றான்.

மழைக்காலம் முடிந்ததும் தாம்பரத்திலிருந்து கார்டு வந்தது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும், வரவும்.

"அடுத்த வாரம் லீவு போடறேன். ரெண்டு நாளு போதும்" என்றான் குஞ்சிதபாதம்.

"என்னா லீவு?"

"சம்பளத்தோட இருக்குது. இப்ப கொஞ்சம் சேந்திருக்குது."

"அது இருக்கட்டும். புள்ளைக்கு ஒண்ணுன்னா வேணும். நான் போய்ட்டு வரேன்."

"தனியாவா? மெட்ராஸுக்கா? வழியில மூச்சு வாங்குனா?"

"வாங்குனா உக்காந்து எந்திரிச்சுப் போறேன். நீங்க ஷிப்டுக்குப் போங்க."

அவன் வற்புறுத்திப் பார்த்தான். அவள் மசியவில்லை. காலையில் வடலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பண்ருட்டியில் எந்தப் பிளாட்பாரத்துக்குப் போவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. எதிர்த்திசையில் ஷிப்டு பஸ் ஒன்று சுரங்கத்தை நோக்கிப் போனது. அதில் எந்தத் தலை தன் புருஷனுடையது என்று அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் பஸ் கடந்துபோகும்வரை கையை வெளியே நீட்டி ஆட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முந்திரி வியாபாரியின் பெண்டாட்டி, "எங்கம்மா போற, கூட ஆரும் வரலையா?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போயிருக்காரு" என்றாள் ராஜாம்பாள்.